அடைப்புக்குறிக்குள் இருபத்துநாலு பேர்

ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன், அதில் எத்தனை அடைப்புக்குறிகள் இருக்கின்றன என்று பாஞ்சாலி எண்ணிவிடுவாள். பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், கடைசியில் வந்த எண்ணிக்கையைத் தாளின் மேல்மூலையில் சின்னதாகக் குறித்துவைப்பாள். அடித்து முடித்ததும் திரையில் மறுபடியும் எண்ணுவாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த பக்கம். பதினேழு வருடமாக இப்படித்தான். கடை முதலாளி வரதராஜுலு இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், வருகிறவர்களிடம் அவளைக் காட்டி, எங்கள் கடையில் கம்ப்யூட்டருக்கு மேல் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிச் சிரிப்பார்.

தண்டலத்தில் கல்லூரி பஸ்கள் திரும்பும் இடத்தில் இருந்தது அந்தக் கடை. ஜெராக்ஸ், தட்டச்சு, ஆய்வேடு பைண்டிங், எல்லாம் உண்டு. பாஞ்சாலி மணிமங்கலத்துப் பெண். ஒன்பதாவது பாதியில் நின்றுபோனவள். கல்யாணமாகி ஆறாம் வருடம் கணவன் வாலாஜாபாத்தில் வேறொரு குடும்பத்தோடு போய்த் தங்கிவிட்டான். அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. பொதுவாகவே அவள் பேசுகிறவள் இல்லை. யாராவது கேள்வி கேட்டால் பதிலை முதலில் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பிறகு அதையும் பாதியாக்கித்தான் வெளியே விடுவாள்.

அடைப்புக்குறிப் பழக்கம் வந்ததற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நர்சிங் படிக்கிற ஒரு பெண்ணின் ஆய்வேட்டில் ஒரு அடைப்புக்குறியைத் தவறவிட்டாள். அதற்குள் இருந்தது, எத்தனை நோயாளிகளிடம் அந்த ஆய்வு நடந்தது என்ற எண். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அதையே கேட்டிருக்கிறார். அந்தப் பெண் விழித்திருக்கிறாள். சாயங்காலம் கடைக்கு வந்து, பைண்டு செய்த புத்தகத்தைப் பாஞ்சாலியின் முகத்தில் வீசினாள். அட்டையின் கூர்முனை புருவத்தில் கிழித்தது. வரதராஜுலு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். பாஞ்சாலியிடம், ரத்தம் கீபோர்டில் சிந்தப்போகிறது, எழுந்து போ என்றார்.

அதன் பிறகு அவள் எதையும் விடவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வார்கள். எத்தனை பேர், வித்தியாசம் எவ்வளவு, அந்த வித்தியாசம் எந்த எல்லைக்கும் எந்த எல்லைக்கும் நடுவில் இருக்கலாம். திரையைப் பார்த்தபடியே அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். வருடம் ஓட ஓட, கேட்டது எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. பஸ்ஸில் டிக்கெட் கேட்க அவளுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஆய்வேட்டு இங்கிலீஷ் வரும். ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அதே அர்த்தத்தில் இன்னொரு வாக்கியம் அடித்துத் தருவாள். அந்தக் கடைக்குக் கூட்டம் வந்ததே அதற்காகத்தான். கல்லூரிகளில் காப்பி சதவீதம் பார்க்கும் சாஃப்ட்வேர் வந்துவிட்டது. எங்கிருந்தோ எடுத்த வரி அப்படியே இருந்தால் மஞ்சள் பூசிக் காட்டிவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் மஞ்சள் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மஞ்சளை இறக்குவதுதான் பாஞ்சாலியின் வேலை.

வரதராஜுலுவுக்கு அதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. மஞ்சளாக இருப்பதைத் தூக்கு என்பார். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள் மூலக் கட்டுரையில் உள்ள வரிசையிலேயே வருவதால் பெரும்பாலும் அங்கேதான் மஞ்சள் விழும். தூக்கிவிட்டால் சதவீதம் சரசரவென்று இறங்கும். கல்லூரியில் பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதுமில்லை. பாஞ்சாலி மட்டும் எண்ணைத் தூக்கமாட்டாள். எண்ணை வைத்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ள வார்த்தைகளை மாற்றுவாள். அதற்கு நேரம் பிடிக்கும். அதற்கும் திட்டு விழும்.

ரஞ்சித் வந்தது தை மாதத்தில். ஒரகடத்தில் காருக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்தாகக் கட்டித் தருகிற ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை. ஞாயிற்றுக்கிழமை கிளாஸில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். ஒரே அறிக்கையைக் கல்லூரிக்கு ப்ராஜெக்டாகவும் கம்பெனிக்குப் பாதுகாப்புக் கமிட்டியின் ஆவணமாகவும் கொடுத்துவிடலாம் என்பது அவன் திட்டம். கெட்டிக்காரன். சட்டைப் பையில் இரண்டு அடையாள அட்டை தொங்கும்.

அறிக்கையின் விஷயம் இதுதான். அந்தக் கம்பெனியின் ஒரு லைனில் முப்பத்தெட்டுப் பெண்கள் நின்றுகொண்டு வேலை செய்கிறார்கள். ஆளுக்கொரு ஸ்டூல் உண்டு. ஒயர் கட்டுகிற அடுத்த போர்டு நகர்ந்து தன் முன்னால் வந்து சேரும்வரை கிடைக்கிற அரை நிமிடம், ஒரு நிமிடம் அதில் உட்காருவார்கள். ஸ்டூல்களை எடுத்துவிட்டால் இடம் குறுகும், அதே லைனில் இன்னும் நான்கு பேரை நிறுத்தலாம். ஸ்டூலுக்குப் பதிலாகக் காலடியில் ரப்பர் மேட் போட்டுவிட்டால் கால் வலிக்காது என்று காட்ட வேண்டும். அதற்கு ரஞ்சித் ஒரு வெளிநாட்டு ஆய்வைப் பிடித்திருந்தான்.

பாஞ்சாலி அந்தக் கட்டுரையின் அடைப்புக்குறிகளை எண்ணினாள். எண்ணும்போதே படித்தும் விட்டாள். மொத்தம் இருபத்துநாலு பெண்கள். பன்னிரண்டு பேர் மேட்டில் நின்றார்கள், பன்னிரண்டு பேர் வெறும் சிமெண்டுத் தரையில். நாலு வாரம் கழித்துக் கேட்டபோது, தரையில் நின்றவர்களில் நாலு பேருக்குக் கால் வலி. மேட்டில் நின்றவர்களில் இரண்டு பேருக்கு. விகிதம் 0.50. அடைப்புக்குறிக்குள், தொண்ணூற்றைந்து சதவீத நம்பக எல்லை 0.11 முதல் 2.23 வரை. அதாவது மேட்டால் வலி வருகிறவர்கள் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையவும் கூடும், இரண்டு மடங்குக்கு மேல் ஏறவும் கூடும், இந்தச் சின்னக் கூட்டத்தை வைத்து எது என்று சொல்ல முடியாது. எழுதினவர்களே அதைச் சொல்லியிருந்தார்கள். முடிவுக்கு வர முடியவில்லை, பெரிய ஆய்வு தேவை என்று.

ரஞ்சித் எழுதிக் கொண்டுவந்திருந்தது ஒரே வரி. அடைப்புக்குறி உட்பட அப்படியே எடுத்திருந்ததால் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. பாஞ்சாலி அதை மாற்றி அடித்தாள். இருபத்துநாலு பெண்களை மட்டுமே கொண்ட ஓர் ஆய்வில், மேட் இல்லாத பன்னிரண்டு பேரில் நால்வரும் மேட் உள்ள பன்னிரண்டு பேரில் இருவரும் வலி என்றனர். வித்தியாசம் இரண்டு பேர். எல்லை மிக அகலமாக இருப்பதால், மேட் உதவியதா கெடுத்ததா என்று இதை வைத்துத் தீர்மானிக்க இயலாது. கடைசியில் அந்த 0.50, அந்த எல்லை, இரண்டையும் போட்டாள். சாஃப்ட்வேரில் ஓட்டிப் பார்த்தாள். மஞ்சள் போயிருந்தது.

ரஞ்சித் முப்பத்தோராம் பக்கத்தைப் படித்துவிட்டு வரதராஜுலுவைக் கூப்பிட்டான்.

“சார், இந்த அக்கா இன்னா படிச்சிருக்காங்க?”

“நைன்த்து. அதுவும் ஃபுல்லா இல்ல. ஏன் தம்பி?”

“இல்ல, என் ரிப்போர்ட்டுக்கு அவங்க தீர்ப்பு எழுதிகினு இருக்காங்களே, அதான் கேட்டேன்.”

வரதராஜுலு அவள் தலைக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் நின்ற நான்கு பிள்ளைகளும் பார்த்தார்கள். ரஞ்சித் அவள் கையிலிருந்த மவுஸை வாங்கி, அவள் வரியை நீலமாக்கி, அழித்தான். அந்த இடத்தில் தானே அடித்தான். மேட் பயன்படுத்துவதால் கால் வலி ஐம்பது சதவீதம் குறைகிறது என ஆய்வு நிரூபித்துள்ளது. பிறகு ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “பாருக்கா, ஒரே லைன். யாருக்கும் டவுட்டே வராது” என்றான்.

அவள் தலையசைத்தாள். அவளுக்குத் தெரிந்தது, அந்த வரியில் ஐம்பது என்ற எண் பொய் இல்லை என்பது. நாலில் பாதி இரண்டு. யாரும் எங்கேயும் பொய் சொல்லவில்லை. இருபத்துநாலு பேர் மட்டும் வரியிலிருந்து காணாமல் போயிருந்தார்கள்.

*

பாஞ்சாலியின் வீட்டு மாடியறையில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் மாரிசெல்வி அந்த லைனில்தான் வேலை செய்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். ஷிப்டு முடிந்து வந்தால் மாடிப்படியை ஒவ்வொன்றாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளர் தரப்பில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று அவளைப் போட்டிருந்தார்கள். வாயைத் திறக்கமாட்டாள் என்று பார்த்துப் பொறுக்கின ஆள் அவள்.

அவள் அறிக்கையின் பிரதியோடு வந்தாள். வியாழக்கிழமை மீட்டிங், கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், இங்கிலீஷில் இருக்கிறது, நீங்கள்தான் இதெல்லாம் அடிக்கிறீர்களே, என்ன சொல்கிறது என்று கேட்டாள். கடையின் முத்திரை பின்னட்டையில் இருந்தது. பாஞ்சாலி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மாரிசெல்வி ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

பாஞ்சாலி க்ளிப் வாளியை எடுத்தாள். கொடியில் இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு மாட்டினாள். ஒரு பக்கத்தில் நாலு க்ளிப்பைத் தலைகீழாகத் திருப்பினாள். மறுபக்கத்தில் இரண்டை.

“இவ்ளோதான் அந்த ஆய்வு. நாலு, ரெண்டு. இத்த வச்சிகினுதான் பாதியாச்சின்றாங்க.”

“பாதிதானக்கா?”

“பாதிதான். ஆனா இன்னோர் இருபத்துநாலு பேர நிக்க வச்சா இது அப்டியே மாறிக்கலாம். ரெண்டு பேர் இப்டித் திரும்பினா சமமாயிடும். ஆள் கொஞ்சமா இருந்தா அப்டித்தான். அதனாலதான் எல்லை போட்டிருந்தாங்க, ஒம்பதுல ஒண்ணுலருந்து ரெண்டு மடங்கு வரைக்கும். அந்த எல்லைய எட்த்துட்டாங்க.”

மாரிசெல்வி கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், “இதுல ஸ்டூல் எங்கக்கா?”

பாஞ்சாலி அதைச் சொல்ல மறந்திருந்தாள். அந்த ஆய்வில் ஸ்டூலே இல்லை. இருபத்துநாலு பேரில் ஒருத்தியும் உட்காரவில்லை. மேட்டையும் தரையையும்தான் ஒப்பிட்டிருந்தார்கள். ஸ்டூலை எடுத்துவிட்டு மேட் போட்டால் என்ன ஆகும் என்று அதில் யாரும் கேட்கவே இல்லை.

பதினேழு வருடத்தில் ஓர் ஆய்வைப் பற்றி அவள் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அதில் தனக்குப் பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

வியாழக்கிழமை நடந்ததை மாரிசெல்வி வந்து சொன்னாள். கமிட்டியில் பிளான்ட் ஹெட், ரஞ்சித், கம்பெனி டாக்டர், அவளையும் சேர்த்து இன்னும் ஐந்து பேர். கையெழுத்துத் தாள் தன்னிடம் வந்தபோது, அந்த ஆய்வில் எத்தனை பேர் சார் என்று கேட்டிருக்கிறாள். பிளான்ட் ஹெட் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அவளைப் பார்த்திருக்கிறார். இந்தப் பெண்ணுக்குப் பேச வருமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார்.

பிறகு ரஞ்சித்திடம் எத்தனை பேர் என்று கேட்டார். சர்வதேச ஆய்வு சார் என்றான் ரஞ்சித். மாரிசெல்வி, இருபத்துநாலு பேர்தான் சார், மேட்டால் ரெண்டு மடங்கு வலிக்கவும் கூடும் என்று பிராக்கெட்டில் இருக்கிறது சார் என்றாள். எந்த பிராக்கெட், எங்கே இருக்கிறது, எடுத்துப் படி என்று அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினாள். அதில் பிராக்கெட் இல்லை.

“சரி, அந்த ஒரு லைனையாச்சும் படிச்சிக் காட்டும்மா” என்றான் ரஞ்சித்.

அவள் எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். மூன்றாவது வார்த்தையில் நின்றாள். யாரும் உதவவில்லை, யாரும் நிறுத்தவும் சொல்லவில்லை. அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். டாக்டர் போனைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் பிளான்ட் ஹெட், பாவம் விடுங்கள் என்று சொல்லி, பிராக்கெட் இருந்தால் பதினைந்து நாளில் கொண்டுவந்து காட்டட்டும், அதுவரை முடிவைத் தள்ளிவைக்கலாம், ஜனநாயகம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

“அந்த பிராக்கெட்ட எனக்கு எடுத்துத் தந்துருங்கக்கா. ஒரே ஒரு தாளு. ஸ்டூலு போச்சுன்னா என்னால நிக்க முடியாதுக்கா” என்றாள்.

கடையில் வாடிக்கையாளரின் கோப்பிலிருந்து ஒரு தாள் வெளியே போனால் வேலை போய்விடும். வரதராஜுலு அந்த ஒரு விஷயத்தில்தான் கறாராக இருந்தார்.

*

ஒன்பதாம் நாள் ரஞ்சித் கடைக்கு வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. கல்லூரியில் அவனுடைய கைடு முப்பத்தோராம் பக்கத்தைச் சிவப்பு மையில் வளைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். எத்தனை பேர்? விளைவு எவ்வளவு? நம்பக எல்லை எங்கே? எழுதினவர்கள் முடிவுக்கு வர முடியவில்லை என்கிறார்கள், நீ நிரூபித்தது என்கிறாய், மூலத்தைப் படித்தாயா? இவற்றைச் சரிசெய்யாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கீழே எழுதியிருந்தது.

“அந்த லைன் வச்சிருக்கியாக்கா? நீ அடிச்சது?”

வைத்திருக்கவில்லை. ஆனால் மனதில் இருந்தது. அவன் பக்கத்தில் நிற்க, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அடித்தாள். இருபத்துநாலு பேரும் திரும்பி வந்தார்கள். கூடவே, இந்த ஆய்வில் அமர்ந்து வேலை செய்தவர்கள் யாரும் இல்லை என்று ஒரு வரியும் சேர்த்தாள். அவன் அதையும் படித்துவிட்டு, நல்லாயிருக்கு, இருக்கட்டும் என்றான். பதிலைத் தனக்குள் சொல்லிப் பார்க்காமலேயே கேட்டுவிட்டாள்.

“கம்பெனி காப்பியிலயும் இதே மாத்திடட்டுமா சார்?”

ரஞ்சித் அவளை நிதானமாகப் பார்த்தான். கோபமே இல்லை. “காலேஜ்ல மார்க் போட்றவங்க வேற, கம்பெனில மார்க் போட்றவங்க வேறக்கா. இந்த பிராக்கெட் அங்க இருந்தா முப்பத்தெட்டு ஸ்டூல் உள்ள இருக்கும். இல்லாட்டி வெளிய போய்டும். உனுக்கு இன்னா போவுது? நீ உக்காந்துதான வேல செய்ற.”

அவனே டெஸ்க்டாப்பில் இரண்டு ஃபோல்டர் போட்டான். ஒன்றின் பெயர் காலேஜ், மற்றதன் பெயர் கம்பெனி. இதுவரை அவன் புரியாமல் செய்துவிட்டான் என்று நினைக்க அவளுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. அன்றோடு அது போயிற்று.

ஐந்து பிரதி பைண்டிங்குக்குச் சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். பாஞ்சாலி காலேஜ் ஃபோல்டரைத் திறந்து முப்பத்தோராம் பக்கத்தை மட்டும் ஆறு பிரதி அச்சுக்குக் கொடுத்தாள். ஆறாவதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். தாள் சூடாக இருந்தது.

*

இரண்டாவது மீட்டிங்கில் மாரிசெல்வி அந்தத் தாளை மேஜையில் விரித்து வைத்தாள். மேலே ரஞ்சித்தின் பெயரும் பதிவு எண்ணும் அச்சாகியிருந்தன. ரஞ்சித்தின் முகம் வெளுத்தது. இது தன் கல்லூரி வேலை, தன் கோப்பிலிருந்து திருடியது என்றான். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பிளான்ட் ஹெட் தாளை எடுத்து மெதுவாகப் படித்தார். படித்த மனிதர். புரிந்துகொண்டார்.

சரியாகத்தான் சொல்கிறாள் இந்தப் பெண் என்றார். மாரிசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்ப மேட் நல்லதுன்னும் இதுல ப்ரூஃப் இல்ல. கெட்டதுன்னும் இல்ல. அப்டித்தானேம்மா?”

“ஆமா சார்.”

“ஸ்டூல் எடுத்தா வலிக்கும்னு இருக்கா?”

“ஸ்டூலப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல சார்.”

“அப்ப ஸ்டூல் எடுக்கக் கூடாதுன்னும் எங்கயும் இல்ல.” தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “ஒண்ணும் தெரியலைன்றப்ப லைனுக்கு எது சௌகரியமோ அதைப் பண்ணுவோம்.”

டாக்டர் தலையாட்டினார். கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. அவளுக்கு முன் ஏழு பேர் போட்டிருந்தார்கள். எட்டாவதாக அவள் போட்டாள். போடாமல் எழுந்து வரும் தைரியம் அந்த அறையில் அவளுக்கு வரவில்லை. ஏகமனதாக ஏற்கப்பட்டது என்று குறிப்பில் எழுதினார்கள்.

அந்தத் தாள் யார் கையிலிருந்து போனது என்று கண்டுபிடிக்க ரஞ்சித்துக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. சாயங்காலமே வந்தான். பிள்ளைகள் நிறைந்திருந்த நேரம் பார்த்து வந்தான். சத்தம் போடவில்லை. உங்கள் கடையில் ஆய்வேடு கொடுத்தால் அது வெளியே விலைபோகும்போல என்று வரதராஜுலுவிடம் சொன்னான். பெஞ்சில் இருந்த பிள்ளைகள் தங்கள் பென் டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

வரதராஜுலு பாஞ்சாலியை எழுந்து நிற்கச் சொன்னார். தம்பியிடம் மன்னிப்புக் கேள் என்றார். அவள் கேட்டாள். காதில் விழவில்லை என்றான் அவன். மறுபடி கேட்டாள். பிறகு வரதராஜுலு அவள் டிபன் டப்பாவை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். “பதினேழு வருஷம் பிராக்கெட்ட எண்ணிகினு இருந்த. வாய எண்ணலியே” என்றார். ஒரு பிள்ளை சிரித்தது. அவள் இறங்கி நடந்தாள்.

மாசி முடியும் முன் ஸ்டூல்கள் போயின. ஒரு வேனில் ஏற்றி எங்கேயோ அனுப்பினார்கள். மாரிசெல்வி பதினொரு நாள் நின்றாள். பன்னிரண்டாம் நாள் கால் வீங்கி ஷூ நுழையவில்லை. இரண்டு நாள் லீவு எடுத்தாள். மூன்றாம் நாள் கேட்டில் அவள் அட்டை வேலை செய்யவில்லை. ட்ரெய்னி காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை என்று செக்யூரிட்டி சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும் நாள் பையை மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பாஞ்சாலி பையைப் பிடிக்கப் போனாள். மாரிசெல்வி விடவில்லை.

“நீங்க சொன்னதெல்லாம் நெசந்தான்க்கா. அத வச்சு எனக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க” என்றாள். “தெரியாதுன்னு சொல்லிருந்தீங்கன்னா மத்தவங்க மாதிரி நானும் ஓரமா நின்னுட்டு இருந்திருப்பேன்.”

நிற்க முடியாமல்தான் அவள் போகிறாள் என்பது பாஞ்சாலிக்குத் தெரியும். மாரிசெல்விக்கும் தெரியும். பாஞ்சாலி தனக்குள் இரண்டு மூன்று பதிலைச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் வெளியே விடும்படி இல்லை. ஷேர் ஆட்டோ வந்தது. மாரிசெல்வி முதலில் பையை ஏற்றினாள், பிறகு கையால் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள், பிறகு மற்றக் காலை. திரும்பிப் பார்க்கவில்லை.

ரஞ்சித்தின் வாய்மொழித் தேர்வு சித்திரையில் நடந்தது. ஓர் ஆய்வின் அளவையும் எல்லையையும் இவ்வளவு நேர்மையாக எடுத்துச் சொன்ன மாணவரை இந்த வருடம் பார்க்கவில்லை என்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர் பாராட்டியதாகப் பழைய கடையில் வேலை செய்யும் ஜாஸ்மின் சொன்னாள். முப்பத்தோராம் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டினாராம். அந்த வரியை இப்போது மற்றப் பிள்ளைகளும் மாதிரியாக வைத்துக்கொள்கிறார்களாம். ஜாஸ்மின் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பாஞ்சாலி சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சொன்னாள்.

இப்போது அந்த லைனில் நாற்பத்திரண்டு பேர் நிற்கிறார்கள். ஸ்டூல் இல்லை, மேட் இருக்கிறது. யாருக்குக் கால் வலிக்கிறது என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. ரஞ்சித் அசிஸ்டன்ட் மேனேஜராகிவிட்டான். பாஞ்சாலி படப்பையில் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறாள், தட்டச்சு வேலை அவளுக்குக் கொடுப்பதில்லை. மாடியறையில் வேறு பெண்கள் வந்திருக்கிறார்கள். மாரிசெல்வி அவள் போனை எடுப்பதில்லை.